வேலைக்குச் சென்றுகொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிப்போருக்கான வாராந்திரத் திருப்புதல் திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்புதல் என்றால் படித்த பாடத்தை இன்னொரு முறை படிப்பதுதானே? அதற்கு எதற்குத் தனியாக ஒரு திட்டம்?

புத்தகத்தை மறுபடியும் படிப்பது திருப்புதலின் மிகச் சிறிய பகுதிதான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருப்பதை வெறுந்தாளில் எழுதிப் பார்த்து, பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டதையும் தவறானதையும் திருத்துவதையே இங்கே திருப்புதல் என்று குறிப்பிடுகிறேன். தேர்வு அறையில் நாம் செய்யப்போவதும் நினைவிலிருந்து எடுத்து எழுதுவதுதான் என்பதால், அந்தச் செயலையே பயில வேண்டும்.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே என்னும் இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் ஒரு சாரார் அதை மறுபடி படித்தார்கள். மற்றொரு சாரார் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். மறுவாசிப்பு உடனடியாகத் தரும் தெளிவு நம்மை ஏமாற்றிவிடுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் ஒருவர், கிடைக்கும் சொற்ப நேரத்தை அந்த ஏமாற்றத்திற்குச் செலவிடக் கூடாது.

வாரத்திற்கு மொத்தம் எத்தனை மணி நேரம் இருந்தால் போதும்? எனக்கு மாலையில் ஒரு மணி நேரம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை.

ஒரு பருவத்திற்கு நான்கு தாள்கள், தாளுக்கு ஐந்து அலகுகள், தேர்வுக்கு 16 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால் வாரத்திற்கு 8 மணி நேரம் போதும். நான்கு மாலைகளில் தலா 45 நிமிடம் என்றால் 3 மணி நேரம். சனிக்கிழமை இரண்டரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம். ஐந்தாவது மாலை காலியாகவே இருக்க வேண்டும். அதன் பயனைப் பின்னர் விளக்குகிறேன்.

தினமும் இரண்டு மணி நேரம் என்று எழுதி வைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலேயே முறிந்துவிடுகின்றன. மாலைக்கு 45 நிமிடம் என்பது அலுவலகத்தில் தாமதமான நாளிலும் செய்து முடிக்கக்கூடிய அளவு. உங்கள் தாள்களின் எண்ணிக்கை வேறாக இருந்தால் மொத்த அலகுகளை முதலில் எண்ணுங்கள். திட்டம் அலகை வைத்துத்தான் நகர்கிறது.

மாலையில் எதைப் படிப்பது, விடுமுறை நாளில் எதைப் படிப்பது?

புதிய அலகை முதன்முறையாக வாசிப்பது விடுமுறை நாளுக்குரியது. ஏற்கெனவே வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது மாலைக்குரியது. நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வார நாள்களில் புதிய பாடத்தோடு போராடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

புதிய பாடத்தை வாசிக்கும்போது முன்பின் தொடர்பைப் பிடித்துக்கொண்டே செல்ல வேண்டும். களைத்த மனத்தோடு வாசித்தால், பக்கங்கள் புரண்டிருக்கும், ஆனால் முந்தைய பத்தியில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுதிப் பார்ப்பதும் உழைப்புதான் என்றாலும் அது குறுகியது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தது, கையில் பேனா இருப்பதால் தூக்கமும் எளிதில் வருவதில்லை. விடுமுறை நாளின் இரண்டரை மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு புதிய அலகுக்கும், கடைசி அரை மணி நேரம் பழைய அலகொன்றிலிருந்து ஒரே ஒரு நெடுவினாவுக்கு முழு விடை எழுதவும் ஒதுக்குங்கள்.

கிழமை வாரியாகச் சொன்னால் நன்றாக இருக்கும். எந்தக் கிழமையில் எந்த அலகு?

வாரத்தைச் சனிக்கிழமையில் தொடங்குங்கள். முதல் வாரம் சனிக்கிழமை முதல் தாளின் முதல் அலகு, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தாளின் முதல் அலகு. திங்கள் மாலை சனிக்கிழமை வாசித்ததை எழுதிப் பாருங்கள்; செவ்வாய் மாலை ஞாயிற்றுக்கிழமை வாசித்ததை. புதன் மாலை சென்ற வாரத்தில் வாசித்த இரண்டு அலகுகள். வியாழன் மாலை நான்கு வாரங்களுக்கு முன் வாசித்த இரண்டு அலகுகள். வெள்ளிக்கிழமை எதுவும் இல்லை. இரண்டாம் வாரம் மூன்றாம், நான்காம் தாள்களின் முதல் அலகுகள் வரும். மூன்றாம் வாரம் மறுபடி முதல் இரண்டு தாள்கள். வாரத்திற்கு இரண்டு அலகு வீதம் 20 அலகுகளும் பத்தாவது வாரத்தில் முடிந்துவிடும்.

முதல் தாளின் முதல் அலகை மட்டும் தொடர்ந்து பார்த்தால் இந்த அமைப்பு விளங்கும். முதல் வாரம் சனிக்கிழமை அதை வாசிக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்துத் திங்களன்று முதல் திருப்புதல். அடுத்த வாரம் புதன்கிழமை, அதாவது 11-ஆம் நாள், இரண்டாவது திருப்புதல். ஐந்தாம் வாரம் வியாழக்கிழமை, 33-ஆம் நாள், மூன்றாவது திருப்புதல். அதன் பிறகு அது பழைய வினாத்தாள்களில்தான் உங்களை மறுபடி சந்திக்கும். ஒவ்வோர் அலகுக்கும் இதே வரிசைதான்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, பளு கூடுவதே இல்லை என்பதுதான். எட்டாவது வாரமானாலும் எந்த மாலையிலும் இரண்டு அலகுகளுக்கு மேல் வராது. முதல் நான்கு வாரங்களில் வியாழக்கிழமைக்கு அலகு எதுவும் இருக்காது. அந்த மாலைகளில் பழைய வினாத்தாள்களை எடுத்து, எந்த வினா எந்த அலகிலிருந்து வந்திருக்கிறது என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். பின்னர் அது பெரிதும் உதவும்.

45 நிமிடத்தில் உண்மையில் என்ன செய்வது? உட்கார்ந்து புத்தகத்தைத் தேடி எடுப்பதற்கே பத்து நிமிடம் போய்விடுகிறதே.

அந்தப் பத்து நிமிடத்தை முந்தைய இரவே செலவழித்துவிடுங்கள். மறுநாளைக்குரிய அலகின் தலைப்பை ஒரு தாளின் மேல் எழுதி, பேனாவோடு மேசையில் வைத்துவிட்டால் வந்து உட்கார்ந்தவுடன் எழுதத் தொடங்கலாம். முதல் 20 நிமிடம் புத்தகம் திறக்கப்படக் கூடாது. அடுத்த 15 நிமிடம் புத்தகத்தோடு ஒப்பிட்டு வேறு நிற மையில் திருத்துங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில், விடுபட்ட ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியாக மாற்றிப் பிழைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். புதன், வியாழன் மாலைகளில் இரண்டு அலகுகள் இருப்பதால் இந்த நேரங்கள் பாதியாகும். அப்போது முழு அலகையும் எழுதாமல், குறிப்பேட்டிலுள்ள அந்த அலகின் கேள்விகளுக்கும் தலைப்புகளின் சட்டகத்துக்கும் மட்டும் விடை எழுதினால் போதும்.

பொருளியல் தாளில் தேவை நெகிழ்ச்சி என்னும் அலகைத் திங்களன்று எழுதிப் பார்க்கிறீர்கள் என்று கொள்வோம். இலக்கணம் நினைவுக்கு வருகிறது: விலை மாறும்போது தேவையின் அளவு எந்த விகிதத்தில் மாறுகிறது என்பது. தேவையின் சதவீத மாற்றத்தை விலையின் சதவீத மாற்றத்தால் வகுக்க வேண்டும் என்பதும் வருகிறது. விலை 10-இலிருந்து 12 ஆகும்போது தேவை 100-இலிருந்து 90 ஆகிறது என்றால், 10 சதவீதத்தை 20 சதவீதத்தால் வகுத்து 0.5 என்று எழுதிவிடுகிறீர்கள். ஐந்து வகைகளில் நான்கு வருகின்றன. ஓரலகு நெகிழ்ச்சி விட்டுப்போகிறது. மொத்தச் செலவு முறை என்ற தலைப்பு மட்டும் வருகிறது, உள்ளே என்ன என்று தெரியவில்லை.

திருத்தும் நேரத்தில் அலகு முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. மொத்தச் செலவு முறை உள்ள பக்கத்தை மட்டும் வாசியுங்கள். பிறகு குறிப்பேட்டில், “விலை ஏறியும் மொத்தச் செலவு மாறாமல் இருந்தால் அது எவ்வகை நெகிழ்ச்சி?” என்று எழுதுங்கள். விடுபட்ட இரண்டும் இந்த ஒரே கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன, ஏனெனில் அதன் விடை ஓரலகு நெகிழ்ச்சி. விடையை அதே பக்கத்தில் எழுதாமல் பின்பக்கத்தில் எழுதுவது முக்கியம். கண்ணில் படும் விடை நினைவைச் சோதிப்பதில்லை.

இரண்டு நாள், பதினொரு நாள், ஒரு மாதம் என்று ஏன் இழுக்க வேண்டும்? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு முறை பார்த்துவிட்டால் ஆகாதா?

அன்று மாலை நன்றாகத் தெரிந்தது போலிருக்கும். தேர்வு வரை நிற்காது. ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். கற்றவுடன் மறதி மிக வேகமாகவும், நாள் செல்லச் செல்ல மெதுவாகவும் நடக்கிறது என்று அவர் கண்டார். ஒரே அமர்வில் 68 முறை திரும்பச் சொல்லிக் கிடைத்த பயன், மூன்று நாள்களில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே ஏறக்குறைய கிடைத்தது என்பதும் அவருடைய பதிவு.

முதல் திருப்புதலை மிக அருகிலும் அடுத்தவற்றைத் தள்ளியும் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டாம் நாளில் மறதியின் முதல் வேகத்தைத் தடுக்கிறோம். அதன் பிறகு, கொஞ்சம் மறக்கவிட்டு மீண்டும் எடுக்கிறோம். சிரமப்பட்டு நினைவுக்குக் கொண்டுவரும் செய்தியே ஆழமாகப் பதிகிறது. ஒரு நாள் முன்பின் ஆனால் எதுவும் கெட்டுவிடாது. இந்த எண்களைத் தோராயமான அளவுகளாகவே கொள்ளுங்கள்.

வெறுந்தாளை எடுத்து வைத்தால் பாதிகூட வருவதில்லை. அப்படியென்றால் அலகு முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டுமா?

முதல் திருப்புதலில் பாதி வருவதே இயல்பு. அதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். எவ்வளவு விட்டுப்போனது என்பதோடு, எது விட்டுப்போனது என்பதையும் பாருங்கள். தலைப்புகளின் வரிசையும் அடிப்படைக் கருத்தும் வந்து, விவரங்கள் மட்டும் விட்டிருந்தால், மேலே தேவை நெகிழ்ச்சிக்குச் சொன்னபடி அந்தப் பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். சொற்கள் நினைவுக்கு வந்தும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன தொடர்பு என்று விளக்க முடியவில்லையென்றால், பாடம் முதலில் புரியவே இல்லை என்று பொருள். புரியாததை எத்தனை முறை திருப்பினாலும் பயனில்லை. அந்த அலகை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றி, சிக்கலான பகுதியை மட்டும் நிதானமாக வாசியுங்கள், அல்லது தொடர்பு வகுப்பில் கேட்பதற்கென்று குறித்து வையுங்கள்.

மூன்றாவது திருப்புதலிலும், அதாவது ஒரு மாதம் கழித்தும், அதே இடத்தில் தடுக்கினால் அந்தக் கேள்விக்குக் குறிப்பேட்டில் ஒரு புள்ளி வையுங்கள். கடைசி வாரங்களில் முதலில் பார்க்க வேண்டியவை புள்ளி வைத்த கேள்விகளே.

வெளியூர் வேலை, உடல்நலக் குறைவு என்று ஒரு வாரம் முழுவதும் போய்விட்டது. விட்டதை எப்படிப் பிடிப்பது?

ஒன்றிரண்டு மாலைகள் தவறினால் வெள்ளிக்கிழமை ஈடுகட்டும். அந்த மாலையைக் காலியாக வைக்கச் சொன்னது அதற்குத்தான். தேவைப்படாத வாரத்தில் அது உண்மையான ஓய்வாகவே இருக்கட்டும்.

முழு வாரம் தவறினால், அடுத்த வாரத்தில் இரண்டு வாரப் பளுவையும் ஏற்றாதீர்கள். புதிய வாசிப்பை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, எல்லா அலகுகளையும் வரிசை மாறாமல் அப்படியே நகர்த்துங்கள். வாசிப்பு பத்தாவது வாரத்திற்குப் பதிலாகப் பதினொன்றாவது வாரத்தில் முடியும், அவ்வளவுதான். திருப்புதலை நிறுத்திவிட்டுப் புதிய அலகுகளை வேகமாக முடிப்பதுதான் பலரும் எடுக்கும் முடிவு. முடித்த அலகுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதால் அது முன்னேற்றமாகத் தோன்றும், ஆனால் பழைய அலகுகள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற வாரத்தில் திருப்புதலையே தேர்ந்தெடுங்கள்.

எனக்கு வேலை சுழற்சி முறையில். சனி, ஞாயிறு விடுமுறையே கிடையாது.

கிழமைப் பெயர்களை விட்டுவிடுங்கள். வார ஓய்வு எந்த நாளில் வருகிறதோ அதுவே உங்களுக்குச் சனிக்கிழமை. ஒரே ஒரு நாள்தான் ஓய்வு என்றால் இரண்டு அலகுகளையும் அன்றே வாசியுங்கள், ஆனால் ஒன்றைக் காலையிலும் மற்றதைப் பிற்பகலிலும். தொடர்ந்து நான்கு மணி நேரம் வாசித்தால் இரண்டாவது அலகு தேறாது. இரவுப் பணி முடித்து வந்தவுடன் எழுத முயலாதீர்கள். தூங்கி எழுந்து, பணிக்குக் கிளம்புவதற்கு முன்னுள்ள 45 நிமிடமே உங்களுக்கு மாலை.

கணக்குப்பதிவியல், புள்ளியியல் போன்ற தாள்களுக்கும் இதே முறையா? அவற்றில் எழுதிப் பார்க்க என்ன இருக்கிறது?

நாள் இடைவெளி அதேதான். வெறுந்தாளில் எழுத வேண்டியது மாறும். தலைப்புகளுக்குப் பதிலாக, தீர்வு காட்டப்பட்ட கணக்கு ஒன்றின் வினாவை மட்டும் எழுதிக்கொண்டு, தீர்வை மூடி வைத்துவிட்டுப் போடுங்கள். எந்த வரியில் நின்றுபோனீர்களோ அந்த வரி வரைக்கும் மட்டும் தீர்வைத் திறந்து பார்த்து, மூடிவிட்டுத் தொடருங்கள். தீர்வைக் கண்ணால் தொடர்ந்து சென்றால் எல்லாமே புரிவது போலத்தான் இருக்கும். முதல் கேள்வியில் சொன்ன ஏமாற்றமே கணக்கில் இன்னும் கடுமையாக நேர்கிறது.

மற்றொன்று, ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் பத்துப் போடாமல், வகைகளைக் கலந்து போடுங்கள். தேய்மானக் கணக்குகளை மட்டும் தொடர்ந்து போட்டால், எந்த முறையைக் கையாள வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையே இல்லாமல் போகிறது. தேர்விலோ அந்த முடிவுதான் முதல் படி. டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது அதிகம் தவறு செய்தார்கள், ஆனால் பின்னர் வைத்த தேர்வில் அவர்களே அதிகம் பெற்றார்கள். புதன், வியாழன் மாலைகள் இதற்குப் பொருத்தமானவை, ஏனெனில் அன்று இரண்டு அலகுகள் ஏற்கெனவே கலந்து வருகின்றன.

ஒப்படைப்பு சமர்ப்பிக்க வேண்டிய வாரங்களில் திருப்புதலுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

ஒப்படைப்பையே திருப்புதலாக மாற்றிக்கொள்ளலாம். வினாவைப் படித்தவுடன் புத்தகத்தைத் திறக்காமல், அரை மணி நேரம் நினைவிலிருந்தே விடையின் வரைவை எழுதுங்கள். பிறகு பாடநூலைப் பார்த்து விரிவாக்குங்கள். அந்த அலகுக்கு அந்த வாரத் திருப்புதல் முடிந்ததாகக் கணக்கில் கொள்ளலாம். பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதிய ஒப்படைப்பை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எழுதும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையின் புதிய அலகுக்குரிய நேரத்திலிருந்து எடுத்துக்கொண்டு, தள்ளிப்போன அலகை மேலே தவறிய வாரத்திற்குச் சொன்னபடி நகர்த்துங்கள்.

பத்து வாரத்தில் வாசிப்பு முடிந்தது. மீதி ஆறு வாரத்தில் என்ன செய்வது?

11 முதல் 14 வரையுள்ள வாரங்களில் சனிக்கிழமைதோறும் ஒரு தாளின் பழைய வினாத்தாளை மூன்று மணி நேரம், கடிகாரத்தை வைத்து, முழுமையாக எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அதைத் திருத்துங்கள். திங்கள், செவ்வாய் மாலைகளில் மிகவும் பலவீனமாக அமைந்த இரண்டு விடைகளை மறுபடி எழுதுங்கள். 11-ஆம் வாரப் புதனன்று கடைசி இரண்டு அலகுகளின் இரண்டாம் திருப்புதல் வரும். அதன் பின் புதன் மாலைகள் புள்ளி வைத்த கேள்விகளுக்குரியவை. வியாழக்கிழமைத் திருப்புதல் 14-ஆம் வாரம் வரை வழக்கம்போல நடக்கும். 15-ஆம் வாரம் மதிப்பெண் குறைந்த தாளை இன்னொரு முறை எழுதுங்கள். 16-ஆம் வாரம் குறிப்பேடு மட்டும்.

கடிகாரத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால், வினாக்களைப் படிக்கவும் சரிபார்க்கவும் 20 நிமிடம் போக 160 நிமிடமே மிச்சம். 10 மதிப்பெண் வினாவுக்கு 16 நிமிடம்தான். நாள் முழுவதும் விசைப்பலகையில் தட்டச்சு செய்பவர்களுக்கு இரண்டாவது மணி நேரத்தில் கை வலித்து எழுத்து மெதுவாகிவிடுகிறது, கடைசி வினா பாதியில் நிற்கிறது. பாடம் தெரிந்திருந்தும் மதிப்பெண் இழக்கும் இந்த நிலையை வீட்டில் முழு நேரம் எழுதிப் பார்த்தால்தான் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும்.

இதெல்லாம் 16 வாரம் இருப்பவர்களுக்கு. எனக்கு எட்டு வாரம்தான் இருக்கிறது, இன்னும் ஓர் அலகுகூட வாசிக்கவில்லை. எதை விடுவது?

எட்டு வாரத்தில் உங்களுக்கு ஏறக்குறைய 64 மணி நேரம் இருக்கிறது. முழுத் திட்டத்தையும் அதற்குள் அடைக்க முடியாது. முதல் வாசிப்பின் நீளம், ஒரு மாதம் கழித்து வரும் திருப்புதல், விடுமுறை நாளில் எழுதும் நெடுவினா ஆகிய மூன்றையும் விடுங்கள். முதல் ஐந்து வாரங்களில் சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு என நான்கு அலகுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் மணி நேரம். திங்களன்று சனிக்கிழமை அலகுகள் இரண்டு, செவ்வாயன்று ஞாயிற்றுக்கிழமை அலகுகள் இரண்டு. புதனும் வியாழனும் சென்ற வாரத்து நான்கையும் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று வாரங்கள் முன்னர் சொன்னபடி வினாத்தாள்கள். நான்கு தாள்களுக்கு மூன்று சனிக்கிழமைதான் என்பதால், ஓரளவு நம்பிக்கையுள்ள தாளுக்கு விடைகளின் சட்டகத்தை மட்டும் ஒரு மாலையில் எழுதிப் பாருங்கள்.

ஒன்றேகால் மணி நேரத்தில் ஓர் அலகை வாசிக்க வேண்டுமானால், அந்த அலகிலிருந்து பழைய வினாத்தாள்களில் வந்த வினாக்களை முதலில் பார்த்துவிட்டு, அவற்றுக்கு விடை தேடி வாசியுங்கள். இரண்டாம் வார முடிவில் திங்கள், செவ்வாய்த் தாள்களை எடுத்துப் பாருங்கள். அலகுகளின் தலைப்புச் சட்டகமே வரவில்லையென்றால் வேகம் உங்களுக்கு அதிகம். அந்நிலையில் வாரத்திற்கு மூன்று அலகாகக் குறைத்து, ஒவ்வொரு தாளிலும் வினாத்தாள்களில் மிகக் குறைவாக இடம்பெற்ற ஓர் அலகைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அதற்கு முன், உங்கள் தாளில் அலகுக்கு ஒரு வினா கட்டாயமா, அலகுகளுக்கிடையே தேர்ந்தெடுக்க இடமிருக்கிறதா என்பதை வினாத்தாளின் அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயமென்றால் எந்த அலகையும் முழுவதுமாக விட முடியாது. தள்ளிவைத்த அலகிலும் குறுவினாக்களுக்குரிய இலக்கணங்களையாவது ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.